என் கணவர் பெயரில் வந்த ஓய்வூதியத்தை என் பெயருக்கு மாற்றித் தரக் கோரி

அனுப்புநர்: ஓய்வுபெற்ற சாலை ஆய்வாளர் ஒருவரின் மனைவி, ஏற்காடு வட்டம், சேலம் மாவட்டம்.

பெறுநர்: ஓய்வூதியம் வழங்கும் கருவூல அலுவலர் அவர்கள்.

மதிப்புக்குரிய ஐயா,

என் கணவர் நெடுஞ்சாலைத் துறையில் 32 ஆண்டுகள் வேலை பார்த்து, 2009 ஜூன் 30 அன்று 58 வயதில் ஓய்வு பெற்றவர். கடைசிப் பத்து வருடங்களும் இந்த மலைப்பாதைதான் அவருக்கு. இருபது கொண்டை ஊசி வளைவில் எந்த வளைவில் மண் சரியும், எந்தச் சிறுபாலம் முதல் மழைக்கே அடைத்துக்கொள்ளும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார். 2025 ஆகஸ்ட் 11 அன்று சேலத்தில் மருத்துவமனையில் காலமானார். வயது 74. அவர் வாங்கிவந்த ஓய்வூதியத்தை எனக்குக் குடும்ப ஓய்வூதியமாக மாற்றித் தர வேண்டும் என்பதுதான் இந்த மடலின் விண்ணப்பம்.

இதையே திறந்த மடலாகவும் எழுதுவதற்குக் காரணம், இதே மலையில் என்னைப் போல இன்னும் சிலர் இருக்கிறார்கள். கணவர் போன பிறகு எந்தத் தாளை எடுத்துக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் என்னிடம் வந்து கேட்கிறார்கள். என் பெயர், ஓய்வூதியக் கொடுப்பாணை எண், வங்கிக் கணக்கு எண் எல்லாம் தங்களுக்குத் தந்த பிரதியில் உள்ளன. இதில் வேண்டுமென்றே போடவில்லை. "ட்ரெசரியிலிருந்து பேசுறோம், ஓ.டி.பி. சொல்லுங்கம்மா" என்று இரண்டு முறை போன் வந்துவிட்டது. கருவூலத்தில் ஓ.டி.பி. கேட்டுப் போன் செய்ய மாட்டார்கள் என்று என் மகள் சொன்னதால் தப்பித்தேன்.

முதலில் என் பக்கத் தவறைச் சொல்லிவிடுகிறேன். அவர் இறந்ததை நான் தங்களுக்குத் தெரிவித்தது அக்டோபர் முதல் வாரத்தில். அதற்குள் ஆகஸ்ட் மாத ஓய்வூதியம் முழுசாகவும், செப்டம்பர் மாத ஓய்வூதியம் முழுசாகவும் அவர் கணக்கில் விழுந்துவிட்டன. காரியச் செலவுக்கு அவருடைய ஏ.டி.எம். அட்டையை வைத்துப் பேரன் 12,000 ரூபாய் எடுத்துக் கொடுத்தான். இறந்தவர் கணக்கிலிருந்து அப்படி எடுக்கக் கூடாது என்பது அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. மீதிப் பணம் கணக்கில் அப்படியே இருக்கிறது. அட்டையை வங்கியில் ஒப்படைத்துவிட்டோம்.

தாமதம் ஏன் என்றால், இறப்புச் சான்றிதழ். எங்கள் ஊர் கிராம நிர்வாக அலுவலரிடம் மூன்று முறை போய் நின்றேன். அவர் மீது குற்றமில்லை. இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். நான் வாழும் ஊரில் அல்ல. என் கணவர் இறந்தது சேலம் மாநகராட்சி எல்லைக்குள். மருத்துவமனையே அங்கே பதிவுக்கு அனுப்பிவிட்டது. சான்றிதழ் அங்கே தயாராகிக் கிடக்க, நான் இங்கே மலைமேல் அதைத் தேடிக்கொண்டிருந்தேன். இதைச் சொன்னால் இன்னொருத்திக்கு ஒரு மாதம் மிச்சமாகும் என்றுதான் எழுதுகிறேன்.

சரி, இப்போது கணக்கு. ஓய்வூதியர் இறந்த நாள் வரைக்கும் அவருடைய ஓய்வூதியம் உண்டு. மறுநாளிலிருந்து குடும்ப ஓய்வூதியம் தொடங்க வேண்டும். அதாவது ஆகஸ்ட் 1 முதல் 11 வரை அவருடையது. ஆகஸ்ட் 12 முதல் என்னுடையது.

எவ்வளவு என்பதில்தான் ஊரில் ஆளுக்கொரு பேச்சு. "நான் போனா உனக்குப் பாதி வரும்" என்று என் கணவரே நம்பிக்கொண்டிருந்தார். அவரோடு ஓய்வுபெற்ற ஒருவர், "ஏழு வருஷத்துக்கு முழுசா வரும்க்கா, எழுதிக் கேளுங்க" என்றார். இரண்டுமே எனக்குப் பொருந்தாது. கடைசிச் சம்பளத்தில் 50 விழுக்காடு என்ற கூடுதல் வீதம், இறந்த தேதியிலிருந்து ஏழு ஆண்டுகள், அல்லது 58 வயதில் ஓய்வுபெற்றவருக்கு 65 வயது நிறைந்திருக்கக்கூடிய தேதி, இந்த இரண்டில் எது முந்தி வருகிறதோ அதுவரை. அவர் 65ஐத் தாண்டி ஒன்பது வருடம் இருந்தார். ஆகவே நான் கேட்பது சாதாரண வீதமான 30 விழுக்காடு மட்டுமே. ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் பாதி, குடும்ப ஓய்வூதியம் அதே சம்பளத்தில் 30 விழுக்காடு என்பதால், முழுப் பணிக்காலம் உள்ளவர் வீட்டில் அவர் வாங்கிய பத்து ரூபாய்க்கு மனைவிக்கு ஆறு ரூபாய் என்று வரும்.

கொடுப்பாணையில் உள்ளபடி அவருடைய கடைசிச் சம்பளம் 12,000 ரூபாய். ஓய்வூதியம் 6,000. குடும்ப ஓய்வூதியம் 3,600 என்று அதே பக்கத்தில் அச்சாகியிருக்கிறது. பிறகு 2016 ஜனவரி 1ஐ அடிப்படையாக வைத்து ஓய்வூதியங்களை 2.57ஆல் பெருக்கித் திருத்தினார்கள். அவருடையது 15,420 ஆனது. அந்தத் திருத்தம் கொடுப்பாணைப் புத்தகத்தில் பென்சிலில் அவர் கையாலேயே எழுதியிருக்கிறது, தேதியோடு. ஆனால் 3,600க்குப் பக்கத்தில் அவர் ஒன்றும் எழுதவில்லை. என்னுடைய பங்கைத் திருத்திப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது, அல்லது மனசு வரவில்லை. அதே 2.57ஆல் பெருக்கினால் 9,252 வருகிறது. அகவிலைப்படி இதற்குமேல். அச்சில் இருக்கும் 3,600ஐப் பார்த்து, குறைந்தபட்சத் தொகையான 7,850க்கு உயர்த்தி நிறுத்திவிடாமல், திருத்திய தொகையையே எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். இரண்டுக்கும் மாதம் 1,402 ரூபாய் வித்தியாசம். காய்கறிக்கும் கேஸுக்கும் ஆகிற பணம்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்கிறேன். ஓய்வு பெறும்போது அவர் ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொகுத்து, முன்கூட்டியே மொத்தமாக வாங்கினார். மூத்தவள் கல்யாணத்துக்கு. அதற்காக மாதம் 2,000 பிடித்து வந்தார்கள். பதினைந்து ஆண்டுகள் முடிந்து 2024இல் அது மீண்டும் சேர்ந்தது. அதனால் வங்கிப் புத்தகத்தில் பழைய மாதங்களில் குறைவாகவும் கடைசி ஒரு வருடத்தில் கூடுதலாகவும் இருக்கும். எந்த மாதத்தைப் பார்த்தாலும் என் தொகை மாறாது. குடும்ப ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்திலிருந்து கணக்கிடப்படுவது. தொகுத்து வாங்கியதால் அது குறையாது. பதினைந்து வருடம் முடிவதற்குள் அவர் இறந்திருந்தாலும் மீதியை மனைவியிடம் பிடிக்க மாட்டார்கள். பக்கத்து எஸ்டேட் லைனில் ஒரு அம்மா இந்தப் பயத்திலேயே விண்ணப்பம் போடாமல் இருக்கிறார்.

இனி, கூடுதலாக வந்த பணம். அகவிலைப்படியை விட்டு அடிப்படையை மட்டும் வைத்து என் மகள் நோட்டில் போட்ட கணக்கு இது. ஆகஸ்ட் 12 முதல் 31 வரை இருபது நாட்களுக்கு, 31 நாள் மாதத்தில், அவருடைய ஓய்வூதியம் 9,948 ரூபாய் கூடுதலாக வந்திருக்கிறது. செப்டம்பர் முழுவதும் 15,420. ஆக 25,368. இதே நாட்களுக்கு எனக்கு வர வேண்டியது 5,969உம் 9,252உம் சேர்த்து 15,221. கழித்தால் 10,147 ரூபாய் நான் திருப்ப வேண்டியது. அகவிலைப்படிக்கும் இதே விகிதத்தில் கூடும். சரியான தொகையைத் தாங்கள் கணக்கிட்டு எழுத்தில் கொடுங்கள். அவர் கணக்கில் இருக்கும் பணத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். போதாவிட்டால் என் நிலுவையிலேயே கழித்துக்கொள்ள எழுத்து மூலம் சம்மதிக்கிறேன். கேட்பது ஒன்றுதான்: முழு 25,368ஐயும் முதலில் திருப்பிக் கட்டிவிட்டு வா, அப்புறம்தான் உன் விண்ணப்பத்தை எடுப்போம் என்று ஆகிவிட வேண்டாம்.

இணைத்திருக்கும் தாள்களைச் சொல்கிறேன். ஒவ்வொன்றின் வலது மேல் மூலையிலும் பென்சிலில் எண் போட்டிருக்கிறேன்.

ஒன்றாவது, குடும்ப ஓய்வூதிய விண்ணப்பப் படிவம், பூர்த்தி செய்தது. இரண்டாவது, இறப்புச் சான்றிதழின் அசல். மூன்றாவதுதான் முக்கியம்: ஓய்வூதியக் கொடுப்பாணை, ஓய்வூதியர் வைத்திருக்கும் பாதியின் அசல். நாங்கள் பி.பி.ஓ. புக்கு என்போம். டிரங்குப் பெட்டியில் மிளகு மூட்டைக்கு அடியில் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்ததால் திறந்தால் இன்னும் மிளகு வாசம் அடிக்கும், மன்னிக்கவும். இதன் மற்றொரு பாதி தங்களிடமே இருக்கிறது. இரண்டிலும் 2009இல் சேலத்தில் ஸ்டூடியோவில் எடுத்த எங்கள் இருவர் படம் ஒட்டியிருக்கிறது. அவர் சட்டைப் பையில் பேனா, நான் கண்ணை மூடிவிட்டேன், மறுபடி எடுக்க இன்னொரு காசு கேட்டான் என்று அதையே ஒட்டிவிட்டார்.

இந்தப் புத்தகத்தில் மனைவியின் பெயரும் குடும்ப ஓய்வூதியத் தொகையும் ஏற்கெனவே இருக்கின்றன. அதாவது மாநிலக் கணக்காயர் அலுவலகம் 2009இலேயே எனக்கான அனுமதியையும் சேர்த்துத்தான் கொடுத்திருக்கிறது. ஆகவே இதைப் புதிதாகச் சென்னைக்கு அனுப்பி அனுமதி வாங்க வேண்டியதில்லை, கருவூலத்திலேயே தொடங்கலாம் என்பதே நான் கேட்டுத் தெரிந்துகொண்டது. மனைவி பெயர் புத்தகத்தில் இல்லாதவர்களுக்கு, அல்லது இரண்டாம் திருமணம், ஊனமுற்ற பிள்ளை என்று வருகிறவர்களுக்குத்தான் நீண்ட வழி.

எனக்கு இடைஞ்சல் ஒரு எழுத்தில் வந்தது. புத்தகத்தில் என் பெயருக்கு முன்னால் கணவரின் முதலெழுத்து, பெயருக்குப் பின்னால் "அம்மாள்". ஆதாரில் என் அப்பாவின் முதலெழுத்து, "அம்மாள்" இல்லை. நான் முதலில் போன இடத்தில் ஒருவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது வேற ஆளும்மா" என்றார். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்த எனக்கு அதற்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. ஆதாரைத் திருத்தலாம் என்றார்கள். ஆனால் வங்கி, ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை எல்லாம் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றன. ஒன்றைத் திருத்தினால் நான்கு கெடும். அதனால் இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன்னிலையில் எழுதிய உறுதிமொழிப் பத்திரத்தை நான்காவதாக வைத்திருக்கிறேன். கூடவே, கணவர் பெயர் போட்ட என் வாக்காளர் அட்டை நகலும், இருவரும் இருக்கும் ரேஷன் கார்டு நகலும். படம், கணவர் பெயர், முகவரி மூன்றும் பொருந்துகின்றன என்பதைப் பார்க்க வேண்டுகிறேன்.

அதோடு, புத்தகத்தில் என் பிறந்த தேதிக்கான இடம் காலி. வயது என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். இன்றைக்கு இது பெரிதில்லை. ஆனால் எண்பது வயது நிறைந்தால் அடிப்படையில் 20 விழுக்காடு கூடுதலாக உண்டு, குடும்ப ஓய்வூதியருக்கும். பதிவில் தேதி இல்லாமல் இருந்தால் அன்றைக்கு எண்பது ஆனதை நான் யாரிடம் போய் நிரூபிப்பேன்? எனக்கு இப்போது 68. பன்னிரண்டு வருடம் கழித்து மலை இறங்கி அலைவதற்குப் பதில் இப்போதே பதிந்துவிடுங்கள். பள்ளி மாற்றுச் சான்றிதழின் நகல் ஐந்தாவது இணைப்பு.

ஆறாவது ஆதார், பான் அட்டை நகல்கள். ஏழாவது என் பெயரில் மட்டும் உள்ள வங்கிச் சேமிப்புக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம். இதில் ஒரு சங்கதி. என்னிடம் இருந்தது முழு ஆவணம் கொடுக்காமல் தொடங்கிய சிறு கணக்கு. அதில் ஒரு வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வரவு வைக்க மாட்டார்கள். மாதம் 9,252 என்றால் அடிப்படையே வருடத்துக்கு 1,11,024. பத்து மாதம் ஒழுங்காக வந்துவிட்டு அப்புறம் திடீரென்று நின்றிருக்கும், நானும் தங்களைத்தான் குறை சொல்லியிருப்பேன். வங்கி எழுத்தர் ஒருவர் இதைக் கவனித்துச் சொன்னார். ஆதாரும் பானும் கொடுத்துச் சாதாரணக் கணக்காக மாற்றியாகிவிட்டது.

எட்டாவது, என் கடவுச்சீட்டு அளவுப் படங்கள், மாதிரிக் கையொப்பம், அங்க அடையாள விவரத் தாள். சான்றொப்பம் வாங்கியிருக்கிறேன். அடையாளம் என்ற இடத்தில் இடது புறங்கையில் தழும்பு என்று எழுதியிருக்கிறது. காப்பிச் செடி கவாத்து செய்யும்போது அரிவாள் பட்டது. ஒன்பதாவது, மறுமணம் செய்துகொள்ளவில்லை என்ற சான்று. 68 வயதில் இதில் கையெழுத்துப் போடும்போது மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான், பல நாளுக்குப் பிறகு.

வாரிசுச் சான்றிதழ் இல்லாமல் விண்ணப்பத்தை வாங்க மாட்டோம் என்றும் அந்த முதல் இடத்தில் சொன்னார்கள். ஓய்வூதியர் பெறாமல் விட்டுப்போன நிலுவை இருந்து, அதை யாருக்குத் தர வேண்டும் என்ற நியமனமும் இல்லையென்றால்தான் யார் யார் வாரிசு என்ற கேள்வி வரும். இங்கே நிலுவை எதுவுமில்லை. ஆகஸ்ட் 11 வரை வர வேண்டியது வந்தாயிற்று, அதற்கு மேலேயும் வந்திருக்கிறது. புத்தகத்தில் படத்தோடு இருக்கும் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் தர அது தேவையா என்று பார்த்துச் சொல்லுங்கள். எதற்கும் இருக்கட்டும் என்று வட்டாட்சியருக்கு விண்ணப்பித்து, ஒப்புகைச் சீட்டைப் பத்தாவதாக வைத்திருக்கிறேன். சான்றிதழ் வந்தவுடன் கொண்டுவருகிறேன். அதற்காக மற்றதை நிறுத்தி வைக்க வேண்டாம்.

இதோடு சேர்த்துக் கேட்க இரண்டு உண்டு. ஓய்வூதியர் குடும்பப் பாதுகாப்பு நிதிக்கு அவரிடம் மாதாமாதம் பிடித்திருக்கிறார்கள். அதில் வர வேண்டிய 50,000 ரூபாய்க்கான விண்ணப்பம் தனியே, பதினொன்றாவதாக. குடும்ப ஓய்வூதியம் தொடங்கினால் அது தானாக வந்துவிடும் என்று நினைத்து விட்டவர்கள் உண்டு. தனியாகக் கேட்க வேண்டும். அப்புறம், மருத்துவக் காப்பீடு. அட்டை அவர் பெயரில் இருக்கிறது, நான் அவருடைய மனைவியாக அதில் இருக்கிறேன். என் ஓய்வூதியத்தில் சந்தா பிடிக்கத் தொடங்கி அட்டையை என் பெயருக்கு மாற்றித் தர வேண்டும். எனக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. அட்டை இல்லாத மாதத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகும்படி ஆகிவிடக் கூடாது.

உயிரோடு இருக்கிறேன் என்று காட்டும் வருடாந்தர நேர்காணல் பற்றி முன்கூட்டியே ஒன்று. முப்பது வருடம் காப்பிப் பழம் பறித்த விரல் என்னுடையது. ரேகை தேய்ந்துவிட்டது. ரேஷன் கடையிலேயே ஐந்து தடவை வைத்தாலும் பிடிக்காது, கண்ணைக் காட்டித்தான் அரிசி வாங்குகிறேன். தபால்காரர் வீட்டுக்கே வந்து 70 ரூபாய்க்கு வாழ்நாள் சான்று எடுத்துத் தருகிறார் என்றாலும் அவர் கருவியும் விரலைத்தான் கேட்கிறது. கருவிழி வைத்தோ, முகத்தை வைத்தோ, இல்லையென்றால் நேரில் வந்து கையெழுத்திட்டோ செய்ய என் கோப்பில் குறிப்பு எழுதி வையுங்கள். ரேகை விழவில்லை என்பதற்காக ஓய்வூதியம் நின்ற கதையை மலையில் கேட்டிருக்கிறேன்.

தாள் எதிலாவது குறை இருந்தால் எல்லாக் குறையையும் ஒரே கடிதத்தில் எழுதுங்கள் ஐயா. ஒவ்வொரு முறைக்கும் ஒவ்வொன்றாகச் சொன்னால், ஒவ்வொன்றுக்கும் நான் இருபது வளைவு இறங்கி இருபது வளைவு ஏற வேண்டும்; எனக்குப் பேருந்தில் ஐந்தாவது வளைவிலேயே தலை சுற்றும். பி.பி.ஓ. அசலைக் கையை விட்டுத் தருவதால், இத்துடன் உள்ள மறுபிரதியின் முதல் பக்கத்தில் "இணைப்புகள் 11, பெற்றுக்கொள்ளப்பட்டது" என்று எழுதித் தேதி முத்திரை வைத்து என் மகளிடம் கொடுத்தனுப்பவும். அவள் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பாள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம் தங்களுக்குத் தந்த பிரதியில்)

ஏற்காடு,
அக்டோபர் 2025